“எல்லோரும் பிழைத்தனர்”: 1912ஆம் ஆண்டில் ஒரு செய்தி திருந்திய வரலாறு

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், திங்கட்கிழமை. அன்று மாலை நியூயார்க் நகரத் தெருக்களில் விற்ற ‘ஈவினிங் சன்’ என்னும் மாலை நாளேட்டின் முதற்பக்கத்தில், டைட்டானிக் கப்பல் மோதலுக்குப் பின் அதிலிருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்று பெரிய எழுத்துகளில் அச்சாகியிருந்தது. கார்பேத்தியா, பாரிசியன் என்னும் இரு கப்பல்கள் பயணிகளை மீட்டன என்றும், அடிபட்ட கப்பல் ஹாலிபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறது என்றும் அதன் கீழே விவரமும் இருந்தது. அந்த நேரத்தில் டைட்டானிக் அட்லாண்டிக் கடலின் அடியில் கிடந்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டு அரை நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

டைட்டானிக் மூழ்கிய கதையை நம்மவர் பலரும் அறிவர். அந்தச் செய்தி நான்கு நாள்களில் எப்படிப் பிறந்தது, எங்கே வழிதவறியது, எவ்வாறு திருந்தியது என்ற வரலாற்றை அறிந்தவர் குறைவு. சிதறிக் கிடக்கும் முதல் தகவல்களைக் கொண்டு சுருக்கமான செய்தி ஒன்றை அமைப்பது எப்படி, புதிய தகவல் வரும்போது அதை வாசகருக்குத் தெரியும்படி குறிப்பது எப்படி என்று மாணவர்க்குக் கற்பிக்க இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இப்பாடத்தில் எனக்கு நாட்டம் உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணிபுரிந்த தோட்டத்தில் ஒரு மழைக்காலக் காலையில் ஆட்களை ஏற்றிச் சென்ற லாரி சாலையோரக் கால்வாயில் சரிந்தது. பத்து மணிக்குள் பள்ளிக்கு மூன்று செய்திகள் வந்து சேர்ந்தன. ஐவருக்குக் காயம் என்றார் ஒருவர். யாருக்கும் ஒன்றுமில்லை என்றார் இன்னொருவர். ஓர் உயிர் போயிற்று என்றார் மூன்றாமவர். வகுப்பறைகளிலோ அந்த லாரியில் சென்றவர்களின் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். யாருக்கும் ஒன்றுமில்லையாம் என்று நான் அவர்களிடம் சொல்லிவிட்டேன். மாலையில் ஒரு பையனின் தந்தை கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார் என்று தெரிந்தது. விசாரித்தபோது மூன்று செய்திகளும் ஒரே மனிதரிடமிருந்து கிளம்பியவை என்று விளங்கிற்று. அவரோ விபத்தை நேரில் பார்த்தவரும் அல்லர். அந்தப் பையன் மறுநாள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இரவு 1.20 மணிக்குக் கையில் இருந்தவை

டைட்டானிக் 1912 ஏப்ரல் 10ஆம் நாள் இங்கிலாந்தின் சவுதாம்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க்கை நோக்கித் தன் முதற்பயணத்தைத் தொடங்கிற்று. 14ஆம் நாள் ஞாயிறு இரவு, கப்பலின் கடிகாரப்படி 11.40 மணிக்கு அது பனிமலையில் மோதியது. கப்பலில் கம்பியில்லாத் தந்தி இருந்தது. அதன் மூலம் அனுப்பிய அபாய அறிவிப்பை நியூபவுண்லாந்துத் தீவின் முனையிலுள்ள கேப் ரேஸ் நிலையம் நியூயார்க் நேரப்படி இரவு 10.25க்குக் கேட்டது. இரு கடிகாரங்களுக்கும் இடையேயுள்ள இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் அதனால் ஒரு தவறு விளையும்.

கேப் ரேஸ் நிலையம் செய்தியை அருகிலிருந்த கப்பல்களுக்கு அறிவித்தது. அவற்றுள் ஒன்றாகிய வெர்ஜினியன், தான் உதவிக்குச் செல்வதாக மாண்ட்ரியல் நகரிலுள்ள தன் முதலாளிகளுக்குத் தெரிவித்தது. அங்கிருந்து செய்தி அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்குச் சென்று, அதன் வழியாகத் திங்கள் அதிகாலை 1.20 மணிக்கு ‘நியூயார்க் டைம்ஸ்’ அலுவலகத்துக்கு வந்தது. ஆக, நடுக்கடலில் ஒருவர் அடித்த தந்திக் குறிப்பு மூன்று நான்கு கைகள் மாறியே செய்தியாசிரியரின் மேசையை அடைந்தது.

அந்த மேசையில் அப்போது இருந்தவை சில துண்டுகளே. டைட்டானிக் பனிமலையில் மோதியதாகவும் உடனே உதவி வேண்டுமென்றும் 10.25க்கு அறிவித்தது என்பது ஒன்று. அரைமணி கழித்து, முன்புறம் தாழ்ந்து மூழ்குவதாகவும் பெண்களைப் படகுகளில் ஏற்றுவதாகவும் அறிவித்தது என்பது இரண்டு. வெர்ஜினியன் கப்பல் கடைசிக் குறிப்பை 12.27க்குக் கேட்டது, அது தெளிவற்று இருந்து திடீரென அறுந்தது என்பது மூன்று. வேறு சில கப்பல்கள் உதவிக்கு விரைகின்றன என்பது நான்கு. கப்பல் மூழ்கிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. பயணிகள் பிழைத்தனர் என்றும் யாரும் சொல்லவில்லை.

‘டைம்ஸ்’ ஏட்டின் நிருவாக ஆசிரியர் கார் வான் ஆண்டா என்பவர். அவர் தமக்கு வந்த செய்தியோடு, வராத செய்தியையும் எண்ணிப் பார்த்தார். வலிமை வாய்ந்த தந்திப் பொறி கொண்ட கப்பல் ஒன்று 12.27க்குப் பின் ஒரு குறிப்பும் அனுப்பவில்லை, அதைச் சுற்றியுள்ள கப்பல்கள் எல்லாம் அதை அழைத்துக்கொண்டிருக்கின்றன, விடையில்லை. பொறிக்கு மின்சாரம் இல்லை என்றால் கப்பலுக்கு என்ன நேர்ந்திருக்கும்? மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவர் ஊகித்தது சரியே. ஆனால் அது ஊகம் என்பதும் மெய்யே. பொறி பழுதானாலும் மௌனம் நேரும்.

அந்த ஏடு கப்பல் மூழ்கிவிட்டது என்று துணிந்து அறிவித்ததாகப் பின்னாளில் எழுதியோர் சிலர் கூறுவர். ஆனால் அந்த நாளின் முதற்பக்கமாக இன்று பரவலாகக் காணக்கிடைப்பதில் தலைப்பு வேறு வகையாக உள்ளது. புதிய கப்பல் டைட்டானிக் பனிமலையில் மோதிற்று, நள்ளிரவில் முன்புறம் தாழ்ந்து மூழ்கிக்கொண்டிருந்தது, பெண்கள் படகுகளில் இறக்கப்பட்டனர், 12.27க்கு வந்த கடைசித் தந்தி தெளிவில்லை. தலைப்பின் சாரம் இவ்வளவே. ஒவ்வொரு கூற்றும் ஒருவர் கேட்டது. நள்ளிரவு என்றும் 12.27 என்றும் நேரம் குறிக்கப்பட்டுள்ளது. ஆசிரியரின் ஊகம் எந்தச் செய்திகளைப் பொறுக்கி எப்படி வரிசைப்படுத்துவது என்பதை நடத்திற்று. ஆனால் செய்தியின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளவில்லை. வாசகர் அந்த வரிசையைப் படித்துத் தாமே அஞ்ச முடியும்.

“அனைவரும் நலமா?” என்னும் கேள்வி

திங்கள் பகலில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. டைட்டானிக்கின் உரிமையாளரான ஒயிட் ஸ்டார் கப்பற் கம்பெனியின் நியூயார்க் அலுவலகத்தை உறவினரும் நிருபரும் சூழ்ந்தனர். அதன் அமெரிக்கப் பொறுப்பாளர் பிலிப் பிராங்ளின், கப்பல் மூழ்காது என்ற நம்பிக்கையைத் திரும்பத் திரும்பத் தெரிவித்தார். அவர் பொய் சொன்னார் என்று கருத வேண்டியதில்லை. மோதிய செய்தியே அவருக்கு ஒரு நிருபர் நள்ளிரவுக்குப் பின் தொலைபேசியில் எழுப்பிக் கேட்டதால்தான் தெரிந்தது என்று அவரே பின்னர் அமெரிக்க மேலவை விசாரணையில் சாட்சியம் அளித்தார். அதாவது, பத்திரிகைகள் அவரிடம் கேட்டறிய முயன்றன. அவரோ பத்திரிகைகளிடமிருந்து அறிந்துகொண்டிருந்தார். பதவியில் உயர்ந்தவர் சொல்வதால் ஒரு கூற்று உறுதியாகிவிடுவதில்லை. அவர் அதை எப்படி அறிந்தார் என்று கேட்ட பின்பே அதன் எடை தெரியும்.

அன்று கடலின் மேல் நூற்றுக்கணக்கான கம்பியில்லாத் தந்திகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. பொழுதுபோக்குக்காகத் தந்திப் பொறி வைத்திருந்தவர்களும் இடையில் புகுந்தனர். பின்னர் ஆராய்ந்தோர் தந்த விளக்கப்படி, இரண்டு வேறு தந்திகள் துண்டு துண்டாகக் கேட்கப்பட்டு ஒன்றாயின. ஒன்று, டைட்டானிக் பயணிகள் அனைவரும் நலமா என்று ஒருவர் கேட்ட கேள்வி. மற்றொன்று, பழுதுபட்ட டாய்ச்லாந்து என்னும் எண்ணெய்க் கப்பலை ஏஷியன் என்னும் கப்பல் ஹாலிபாக்ஸுக்கு இழுத்துச் செல்வது பற்றியது. கேள்விக்குறி தொலைந்தது, இரண்டாவது கப்பலின் பெயரும் தொலைந்தது. மிஞ்சியது: டைட்டானிக் பயணிகள் அனைவரும் நலம், ஹாலிபாக்ஸுக்கு இழுத்துச் செல்லப்படுகிறது.

தமிழாசிரியர்கள் இதை ஊன்றிப் பார்க்க வேண்டும். ‘நலமா’ என்பதில் இறுதியிலுள்ள ஆகாரம் ஒன்று விழுந்தால் கேள்வி விடையாகிவிடுகிறது. நம் மொழியில் அது ஒரே ஓர் இடைச்சொல். செய்தியைக் கைமாற்றுவோர் முதலில் இழப்பது இத்தகைய சிறு சொற்களையே: ‘ஆம்’, ‘போலும்’, ‘எனப்படுகிறது’, ‘கேட்டார்’, ‘கருதுகிறார்’. இவை விழ விழச் செய்தி சுருங்கி, உறுதியானது போல் தோன்றுகிறது. ஐயத்தோடு புறப்பட்ட கூற்று மூன்று கை மாறியதும் ஐயமின்றி வந்து சேர்கிறது.

ஒரே செய்தி பல இடங்களிலிருந்து வந்ததாகத் தோன்றியதும் மயக்கத்தை வளர்த்தது. மாண்ட்ரியல் சொல்கிறது, நியூயார்க் சொல்கிறது, கம்பெனியும் மறுக்கவில்லை. ஆனால் இவையெல்லாம் ஒன்றை ஒன்று கேட்டுச் சொன்னவை. மூன்று வாய்கள் சொன்னால் மூன்று சான்றுகள் ஆவதில்லை. அவை எந்த ஊற்றிலிருந்து வந்தன என்று பின்னோக்கிச் சென்று பார்த்தால்தான் சான்றின் எண்ணிக்கை தெரியும். அன்று அப்படிச் சென்றிருந்தால், மீட்கப்பட்ட ஒரு பயணியையாவது கண்ணால் கண்டவர் எவரும் அந்தச் சங்கிலியில் இல்லை என்பது தெரிந்திருக்கும். கண்டவர்கள் கார்பேத்தியாக் கப்பலில் இருந்தனர். அந்தக் கப்பலின் தந்திப் பொறியோ கரையை எட்டும் வலிமையற்றது.

இந்தத் தவறு தாளோடு நிற்கவில்லை. பயணிகளை வரவேற்க உறவினரை ஏற்றிக்கொண்டு ஹாலிபாக்ஸ் நோக்கிச் செல்லச் சிறப்பு இரயில் ஏற்பாடாயிற்று. புறப்பட்ட இரயிலை வழியில் திருப்பியழைக்க நேர்ந்தது. அமெரிக்கக் கீழவை உறுப்பினர் ஜே. ஏ. ஹியூஸ் என்பவருக்கு, கப்பல் ஹாலிபாக்ஸுக்குச் செல்கிறது, எல்லோரும் நலம் என்று கம்பெனியின் பெயரிட்டுத் தந்தி வந்தது. அதை அனுப்பியது யார் என்று பிராங்ளினால் விசாரணையில் சொல்ல முடியவில்லை. ஹியூஸின் மகளும் மருமகனும் அந்தக் கப்பலில் இருந்தனர். மகள் பிழைத்தார், மருமகன் பிழைக்கவில்லை.

மாலை ஆறே கால் மணி

திங்கள் மாலை 6 மணி 16 நிமிட அளவில் பிராங்ளினுக்கு ஒலிம்பிக் என்னும் கப்பலிலிருந்து தந்தி வந்தது. ஒலிம்பிக் டைட்டானிக்கின் சகோதரிக் கப்பல். அதன் தந்திப் பொறி வலிமையானது. அது கார்பேத்தியாவோடு பேசி, அறிந்ததைக் கரைக்குத் தெரிவித்தது. கார்பேத்தியா விடியலில் அவ்விடத்தை அடைந்தது. படகுகளையும் சிதைவுகளையும் மட்டுமே கண்டது. டைட்டானிக் அதிகாலை 2.20 அளவில் மூழ்கிற்று. படகுகளில் ஏறத்தாழ 675 பேர் உள்ளனர். இறந்தோர் 1,800 பேர் வரை இருக்கலாம். இதுவே தந்தியின் சாரம்.

பிராங்ளின் நிருபர்களை அழைத்து அதைப் படிக்கத் தொடங்கினார். கப்பல் மூழ்கிற்று என்னும் வரியைப் படித்து முடிப்பதற்குள் அறையில் ஒரு நிருபர்கூட இல்லை. எல்லோரும் தொலைபேசியை நோக்கி ஓடிவிட்டனர் என்று அவர் சாட்சியத்தில் சொன்னார். நிருபர்களின் விரைவைக் காட்டும் நிகழ்ச்சியாக இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது மற்றொன்று: தந்தியின் முதல் வரிக்குப் பின்னால்தான் எத்தனை பேர் பிழைத்தனர் என்ற எண் இருந்தது.

மறுநாள் 16ஆம் தேதி ‘டைம்ஸ்’ தலைப்பு, பனிமலையில் மோதி நான்கு மணி நேரத்தில் கப்பல் மூழ்கிற்று, கார்பேத்தியா 866 பேரை மீட்டது, 1,250 பேர் மாண்டிருக்கலாம் என்றது. முந்திய நாள் அவ்வளவு கவனமாய் நடந்த ஏட்டிலும் இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டும் வெறும் பள்ளிக் கணக்கால் பிடிபடக் கூடியவை.

முதலாவது, நேரம். 10.25 முதல் 2.20 வரை எண்ணினால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வருகிறது. ஆனால் 10.25 என்பது நியூயார்க் கடிகாரம், 2.20 என்பது கப்பலின் கடிகாரம். கப்பல் கிழக்கே இருந்தமையால் அதன் கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னே சென்றது. மேலும் 10.25 மோதிய நேரமன்று. அபாய அறிவிப்புக் கேட்ட நேரம். கப்பலின் கடிகாரத்திலேயே எண்ணினால் 11.40க்கு மோதி 2.20க்கு மூழ்கிற்று: 2 மணி 40 நிமிடம். இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. வெர்ஜினியன் கடைசிக் குறிப்பைக் கேட்ட 12.27 மணியைக் கப்பல் கடிகாரத்துக்கு மாற்றினால், அது கப்பல் மூழ்கிய நேரத்தை ஒட்டி வருகிறது. வான் ஆண்டா மௌனத்தைப் படித்தது தவறன்று.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒலிம்பிக் தந்தியின் இரண்டு எண்களையும் கூட்டினால் 2,475 வருகிறது. மறுநாள் ஏட்டின் இரண்டு எண்களையும் கூட்டினால் 2,116 வருகிறது. ஒரே கப்பலில் இருந்தவர் தொகை ஒரே நாளில் 359 குறைய முடியாது. ஆகவே, பிழைத்தவர் எண்ணிக்கை மட்டுமின்றி, கப்பலில் ஏறியவர் எத்தனை பேர் என்பதும் அப்போது எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை என்பது விளங்குகிறது. இத்தகைய நிலையில் இறந்தோர் தொகை கண்டு சொன்னதன்று. தெரியாத ஒரு தொகையிலிருந்து தெரியாத மற்றொன்றைக் கழித்து வந்தது. அதை அப்படிச் சொல்லித்தான் எழுத வேண்டும்.

கார்பேத்தியா 18ஆம் நாள் வியாழன் இரவு நியூயார்க்கை அடைந்தபின்தான் தலைகளை எண்ண முடிந்தது. கப்பலின் தலைவர் ராஸ்ட்ரன் கணக்கில் பிழைத்தோர் 705 பேர். அமெரிக்க விசாரணை 706 என்றது. பிரிட்டிஷ் விசாரணை 711 என்றது. இறந்தோர் முன்னதில் 1,517, பின்னதில் 1,490.

அந்தச் செய்தியை நாம் எழுதியிருந்தால்

பயிற்சி ஆசிரியர்களிடம் மேற்கண்ட துண்டுகளை நேர வரிசையில் கொடுத்து, ஒவ்வொரு வேளைக்கும் ஐந்தாறு வரிகளில் செய்தி எழுதச் சொல்வது என் வழக்கம். முதலில் மூன்று பத்தியுள்ள ஒரு தாளைக் கோடிட்டுக்கொள்ளச் சொல்வேன்: கூற்று என்ன, சொன்னவர் எப்படி அறிந்தார், எந்தக் கடிகாரப்படி எந்த நேரம். இரண்டாம் பத்தி வெறுமையாக இருந்தால் அந்தக் கூற்று செய்தியின் முதல் வரிக்கு வரலாகாது. என் கையால் எழுதிய மாதிரி இது.

திங்கள், அதிகாலை 1.30. *முதற்செய்தி.* டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதியதாக நேற்றிரவு 10.25க்குக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அறிவித்தது. முன்புறம் தாழ்ந்து மூழ்குவதாகவும் பெண்களைப் படகில் ஏற்றுவதாகவும் அரைமணி கழித்துத் தெரிவித்தது. 12.27க்குப் பின் அதிலிருந்து குறிப்பு எதையும் தாம் கேட்கவில்லை என்று வெர்ஜினியன் கப்பல் கூறுகிறது. பயணிகளின் நிலை தெரியவில்லை. நேரங்கள் நியூயார்க் கணக்கு.

திங்கள், பிற்பகல் 3.00. *உறுதிப்படாதது.* பயணிகள் அனைவரும் மீட்கப்பட்டதாகவும் கப்பல் ஹாலிபாக்ஸுக்கு இழுத்துச் செல்லப்படுவதாகவும் தகவல் உலவுகிறது. மீட்டதாகச் சொல்லப்படும் கப்பல்களிலிருந்து நேரடிச் செய்தி எதுவும் வரவில்லை. கப்பல் மூழ்காது எனக் கம்பெனி நம்புகிறது; அதற்குக் கடலிலிருந்து வந்த தகவல் எதையும் காட்டவில்லை. 12.27க்குப் பின் டைட்டானிக் பேசவில்லை என்னும் முன்செய்தி மாறவில்லை.

திங்கள், மாலை 6.30. *திருத்தம்.* டைட்டானிக் மூழ்கிவிட்டது. மூன்று மணிக்கு நாம் உறுதிப்படாததாகத் தந்த மீட்புத் தகவல் தவறு. கார்பேத்தியா கண்டதை ஒலிம்பிக் கப்பல் தந்தி மூலம் கம்பெனிக்கு அறிவித்துள்ளது. ஏறத்தாழ 675 பேர் பிழைத்ததாக அத்தந்தி கூறுகிறது. கப்பலில் இருந்தவர் தொகை உறுதியாகாததால் இறந்தோர் எண்ணிக்கையை இப்போது சொல்ல இயலாது. மூழ்கிய நேரம் 2.20 என்பது கப்பலின் கடிகாரம்.

மாணவர் பெரும்பாலும் தவறுவது இரண்டாவது துண்டில். சிலர் மீட்புத் தகவலை அடியோடு விட்டுவிடுவார்கள். ஊரெல்லாம் பேசும் ஒன்றை ஏடு பேசாமல் விட்டால் வாசகர் ஊரையே நம்புவர். ஆகையால் அதைச் சொல்ல வேண்டும். அதற்கு என்ன ஆதாரம் இல்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும். முன்செய்தி மாறவில்லை என்னும் கடைசி வரியே அந்தத் துண்டின் உயிர். புதியது வந்ததால் பழையது தானே தள்ளுபடியாகிவிடாது. திங்கள் பகலில் ஏடுகள் செய்த பெரும்பிழை அதுவே: அதிகாலையில் வந்த ‘மூழ்குகிறது’ என்னும் நேரடிச் செய்தியை, பகலில் வந்த ஊற்றறியாத செய்தி வெறும் புதுமையால் மட்டும் தள்ளிவிட்டது.

மூன்றாவது துண்டில் சிலர் பழைய செய்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் புதியதை மட்டும் எழுதுவார்கள். அது திருத்தமன்று, மறைப்பு. மூன்று மணிச் செய்தியைப் படித்துவிட்டு நிம்மதியோடு வீட்டுக்குப் போனவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எந்த வரி பொய்த்தது என்று தெரிய வேண்டும். ஆகவே திருத்தம் செய்தியின் உச்சியில் நிற்க வேண்டும். முன்பு என்ன சொன்னோம், இப்போது என்ன, யார் கண்டு சொன்னது ஆகிய மூன்றையும் அது தாங்க வேண்டும்.

திருத்தம் நான்கு நாளில் முடிந்துவிடவும் இல்லை. கப்பல் உடையாமல் முழுதாகவே மூழ்கிற்று என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவு செய்தது. அது இரண்டாக முறிந்ததைப் படகிலிருந்து பார்த்ததாகச் சிலர் சொல்லியிருந்தும் அச்சாட்சியம் ஏற்கப்படவில்லை. 1985ஆம் ஆண்டு செப்டம்பரில் கப்பலின் சிதைவு கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. அது இரண்டு துண்டாகத்தான் கிடந்தது. அபாய அறிவிப்பில் கொடுத்திருந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 13 கடல் மைல் தள்ளியும் கிடந்தது. கப்பலிலிருந்தே வந்த நேரடித் தகவலிலும் பிழை இருந்தது என்பது 73 ஆண்டுகளுக்குப் பின் வந்த திருத்தம்.

கால்வாயில் லாரி சரிந்த அந்தக் காலையில் நான் பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவே: “லாரி சரிந்தது உண்மை. காயம்பட்டவர் உண்டா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் இதே இடத்தில் நின்று சொல்கிறேன்.” அதைக் கேட்டிருந்தால் அந்தப் பையன் அழுதிருக்கக் கூடும். மறுநாள் என்னை அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.